டோக்கன் எண்ணிக்கையை 50304 ஆக்கினால், கூடுதல் 47-ஐ என்ன செய்வது?

ஜிபிடி-2 வகை மாடல் ஒன்றை ஏ100-இல், எஃப்பி16-இல் பயிற்றுவிக்கிறேன். டோக்கன்கள் 50257. கடைசி லேயரின் பேக்வர்ட் மட்டும் இழுக்கிறது, ப்ரொஃபைலரில் பார்த்தால் கெர்னல் பெயரில் `align1`. காரணம் புரிகிறது: எண்ணுக்கு 2 பைட், எட்டு எண்கள் சேர்ந்தால் 16 பைட், அதை மெமரியிலிருந்து ஒரே தடவையில் அள்ளலாம், 50257 எட்டால் வகுபடாததால் லாஜிட் கிரேடியன்ட் அணியின் பெரும்பாலான வரிசைகள் 16 பைட் எல்லையில் தொடங்குவதில்லை, துண்டு துண்டாக எடுக்க வேண்டியிருக்கிறது, டென்சர் கோர் தீனி வராமல் சும்மா கிடக்கிறது.

50264 போட்டாலே எட்டால் வகுபடும், ஆனால் ஏ100-க்கு 64-இன் மடங்கு இன்னும் நல்லது என்பதால் 50304 வைக்கப்போகிறேன். சரி, அந்த 47 லாஜிட்டையும் பயிற்சியின்போதே சாஃப்ட்மேக்ஸுக்கு முன் `-inf` ஆக்குவீர்களா, இல்லை டெக்ஸ்ட் உருவாக்கும்போது மட்டும் மறைத்தால் போதுமா? அப்புறம், 50257 வரிசை உள்ள பழைய செக்பாயிண்டை இதில் ஏற்றியவர்கள் புது வரிசைகளுக்கு என்ன மதிப்பு கொடுத்தீர்கள்?