புதுப்பிப்பு: மகளுக்கு ஏன் இவ்வளவு ரத்தப்போக்கு என்று தெரிந்தது

முன்பு கேட்டது: "மகளுக்கு 14 வயது. மாதவிடாய் ஒன்பது நாள் போகிறது, ஒரு மணி நேரத்தில் பேட் நனைகிறது. தட்டணுக்கள் சரியாம். வேறென்ன?"

பாலிகிளினிக்கிலிருந்து ரத்தநோய் நிபுணரிடம் அனுப்பினார்கள். வான் வில்லிபிராண்ட் குறைபாடு, பரம்பரை ரத்தப்போக்குக் கோளாறுகளில் இதுதான் அதிகமாம். "தட்டணு சரியென்றால் ரத்தத்தில் கோளாறே இல்லை" என்று இங்கே பதில் எழுதிய தம்பி சொன்னது பாதி சரி: எண்ணிக்கை சரிதான், ஆனால் கிழிந்த ரத்தக்குழாயில் அவற்றை ஒட்டவைக்கும் புரதம் குறைவு. கருப்பை உட்சுவர் உரியும்போது திறந்துகொள்ளும் குழாய்களை முதலில் அடைப்பது அந்த ஒட்டல்தான், அது சரியாக நடக்காவிட்டால் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும்.

முதல் தடவை அந்தப் புரதத்தின் அளவு 52 வந்தது, பிரச்சினை இல்லை என்றுதான் நினைத்தோம். ஆனால் அன்று ஊசிக்குப் பயந்து ஒரே அழுகை, பதற்றத்தில் இந்தப் புரதம் ஏறிவிடுமாம்! ஆறு வாரம் கழித்து அமைதியாக எடுத்தபோது 28. 30க்குக் கீழே போனால் நோய்தான் என்றார்.

இப்போது அந்த நாள்களில் மட்டும் டிரானெக்சாமிக் அமில மாத்திரை, அது உறைந்த ரத்தம் சீக்கிரம் கரையாமல் பார்த்துக்கொள்கிறது. வலிக்கு ஐபுபுரூஃபன் கூடாது.

அப்புறம், பல் பிடுங்கியபோது எனக்கும் இரண்டு நாள் ரத்தம் நிற்கவில்லை. நிபுணர் என்னையும் சோதிக்கப் போகிறார், ஆனால் ஓ ரத்தப் பிரிவுக்காரர்களுக்கு இந்தப் புரத அளவு இயல்பாகவே கொஞ்சம் குறைவாம், அதனால் நடுவாந்திரமாக வந்தால் என்ன சொல்வது என்று அவரே தயங்குகிறார்.