முள் நடுவில் நிற்கிறது, புகை மட்டும் கறுப்பு

மாங்குளம் வாசி: என் பழைய பெற்றோல் கார் நன்றாகச் சூடான பிறகும் கறுப்புப் புகை விடுகிறது, பெற்றோலும் அதிகம் குடிக்கிறது. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை, மீற்றரில் வெப்பநிலை முள்ளும் நடுவில்தான் நிற்கிறது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் ஈ.சி.யு. பெட்டி பழுது, மாற்று என்கிறார் கராஜ்காரர். மாற்றத்தான் வேண்டுமா?

பரந்தன் கராஜ்: எதற்கெடுத்தாலும் பெட்டியில் பழி போடுகிறார்கள், எரிச்சலாக இருக்கிறது. எஞ்சின் சூடாக இருக்கும்போது ஸ்கானரைக் கொழுவி, கூலண்ட் வெப்பநிலையைப் பாருங்கள். 85 பாகை அளவில் காட்ட வேண்டும். 24 என்று காட்டினால், பெட்டி எஞ்சினைக் குளிர்ந்ததாக எண்ணி, பெற்றோல் பீச்சும் இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கிறது. தீப்பொறி விழும் நேரத்தையும் அதற்கேற்பவே தீர்மானிக்கிறது.

ஓமந்தை ஓட்டுநர்: மீற்றரில் முள் நடுவில் நிற்கிறதே! வெப்பநிலை அளக்கும் சென்சர் பிழையென்றால் முள் ஏறுமா? அப்படியே பெற்றோல் கூடினாலும் புகைக்குழாயிலுள்ள ஒட்சிசன் சென்சர் குறைத்துவிடும்.

பரந்தன் கராஜ்: பழைய கார்கள் பலவற்றில் முள்ளுக்கு ஒரு சென்சர், பெட்டிக்கு வேறொன்று. ஒட்சிசன் சென்சர் குறைக்கும் என்பது சரி. ஆனால் எஞ்சின் சூடாகிவிட்டது என்று பெட்டி நம்பிய பிறகுதான் அதன் பேச்சைக் கேட்கும்.

முல்லை உழவன்: என் உழவு இயந்திரமும் கறுப்பாகத்தான் புகைக்கிறது. அதற்கும் இந்தச் சென்சரா?

பரந்தன் கராஜ்: ஐயா, உங்களுடையது டீசல். முதலில் காற்று வடிகட்டியைப் பாருங்கள்.

முல்லை உழவன்: பொருளாதாரத் தடைக் காலத்தில் துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்கள் நாங்கள். எந்தப் பெட்டி வந்து சொல்லித் தந்தது?

பரந்தன் கராஜ்: அவை காபரேற்றர் வண்டிகள். அந்தக் கெட்டித்தனத்தை நான் மறுக்கவில்லை, இங்கே கேள்வி வேறு.

மாங்குளம் வாசி: ஸ்கானர் 24 காட்டுகிறது. சென்சரில் செருகிய வயர் பிளக்கைக் கழற்றிச் சூட்டோடு சென்சரை அளந்தேன், 310 ஓம்.

ஓமந்தை ஓட்டுநர்: பார்த்தீர்களா? சென்சர் நல்லது, முள்ளும் நடுவில். பெட்டிதான்!

பரந்தன் கராஜ்: 300 ஓம் சுமார் 80 பாகைக்கு உரியது, சென்சர் நல்லதுதான். 24 பாகை காட்டப் பெட்டிக்கு 2,000 ஓமுக்கு மேல் தெரிய வேண்டும். அந்த மிகுதித் தடை பிளக் முனையின் பச்சைக் களிம்பிலோ வயரிலோ இருக்கலாம். 24 நம்பக்கூடிய எண் என்பதால்தான் விளக்கும் எரியவில்லை. சாவியை மூடி, கழற்றிய பிளக்கின் இரு முனைகளையும் ஒரு கம்பித்துண்டால் இணையுங்கள். எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்புங்கள். ஸ்கானர் 120ஐத் தாண்டி உச்சத்துக்கு ஏறினால் வயரும் பெட்டியும் நலம், களிம்பைச் சுரண்டுங்கள். ஏறாவிட்டால் வயரைப் பெட்டிவரை அளந்து பாருங்கள். பெட்டியைச் சந்தேகிப்பது அதற்குப் பிறகு.

ஓமந்தை ஓட்டுநர்: போன வருடமும் என் வானுக்கு இப்படித்தான் நீட்டி முழக்கினீர்கள். முள் ஏன் நடுவில் நிற்கிறது என்பதற்கு இன்னும் பதில் இல்லை.

பரந்தன் கராஜ்: என் இரண்டாவது பதிவில் இருக்கிறது. உங்கள் வானில் நான் சொன்ன வயரை அளந்தீர்களா?

முல்லை உழவன்: காற்று வடிகட்டியைக் கழுவிவிட்டேன். புகை நிற்கவில்லை.