'ஸ்டாக் ஆடிட்': இருப்பா, சரக்கா, பண்டமா?

சுமதி, பெங்களூரு:
ஓசூர்ப் பட்டறைக்காரர்களுக்கான கையேடு வியாழன் அச்சுக்குப் போகிறது. கடனுக்கு ஈடாகக் காட்டிய சரக்கை வங்கி ஆள் அனுப்பிப் பார்க்கும் 'ஸ்டாக் ஆடிட்'டுக்கு 'இருப்புத் தணிக்கை' என்று எழுதியிருந்தேன். படித்த ஒருவர், "என் கணக்குல எவ்வளவு மிச்சம்னு பாக்க வர்றாங்களா?" என்று கேட்டார். வேறு சொல் வேண்டும்.

பேராசிரியர் இளங்கோ:
'பண்டத் தணிக்கை' என்க. பட்டினப்பாலையில் 'அளந்தறியாப் பல பண்டம்' புலி முத்திரையோடு துறைமுகத்தில் குவிந்து கிடக்கிறது. 'சரக்கு' நம்முடையதுதானா என்பதே ஐயம், கன்னடத்திலும் 'சரகு' உண்டு.

வெங்கடேசன் (கணக்காளர், மல்லேஸ்வரம்):
ஐயா, கன்னடத்தில் இருந்தால் நம்முடையதில்லை என்றாகுமா? அதோடு, அளந்தறியாப் பண்டத்துக்கு வங்கி கடன் தராது!

வேலையைச் சொல்கிறேன், சொல்லை நீங்கள் பாருங்கள். பீன்யாவில் ஒரு பட்டறை. வங்கிக்குக் கொடுத்த மார்ச் 31 ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் 42 டன் இரும்புக் கம்பி. நான் போனது ஏப்ரல் 18. அன்று கிடங்கில் 29 டன். அதில் 4 டன்னுக்கு வேறு சீட்டு கட்டியிருந்தது. கேட்டால், கடைந்து தரச் சொல்லி வாடிக்கையாளர் அனுப்பிய கம்பி. ஆக, சொந்தம் 25.

இனிப் பின்னோக்கிப் போக வேண்டும். இடையில் வந்த 6 டன்னைக் கழித்து, உற்பத்திக்கு எடுத்த 14 டன்னைக் கூட்டினால் மார்ச் 31-இல் 33. இன்னும் 5 டன் வெப்பப் பதப்படுத்த வெளியே போயிருந்தது. அதற்குச் சலானும் அங்கிருந்து உறுதிக் கடிதமும் உண்டு. சேர்த்தால் 38. மிச்சம் 4 டன், அதே வாடிக்கையாளர் கம்பிதான். மார்ச்சிலேயே வந்திறங்கியதைப் பட்டறைக்காரர் தன் சரக்காகக் காட்டியிருக்கிறார். டன் 60,000 ரூபாய் என்றால் 2.4 லட்சம். வங்கி கடன் தராமல் கழிக்கும் 25 சதவீத மார்ஜின் போக, கடன் எடுக்கும் வரம்பில் 1.8 லட்சம் குறையும்.

முருகன் (பட்டறை, ஓசூர்):
எங்க ஆடிட்டர்தான் வருசா வருசம் பாக்கிறாரே, இன்னொருத்தர் எதுக்கு? போன தடவ வந்தவருக்கு ஃபீஸும் என் சி.சி. கடன் கணக்குலதான் பிடிச்சாங்க.

வெங்கடேசன்:
அவர் உங்கள் ஆடிட்டர், இவர் வங்கி அனுப்பிய ஆள். ஃபீஸ் உங்கள் தலையில் என்பது அநேகமாகக் கடன் அனுமதிக் கடிதத்திலேயே இருக்கும், பாருங்கள்.

கண்ணன், தில்லி:
தணிக்கை என்றாலே சினிமா சென்சார். சரக்கு என்றால் டாஸ்மாக். எண்ணிப் பார்ப்பதுதானே, 'சரக்கு எண்ணிக்கை' போதாதா?

வெங்கடேசன்:
எண்ணுவது பாதி வேலைதான். அந்த 4 டன் கண்ணெதிரே இருந்தது, எண்ணிக்கையில் சரியாகவே வந்திருக்கும். யாருடையது, எப்போது வந்தது என்பதைச் சரக்கு வரவைப் பதியும் இன்வர்ட் ரிஜிஸ்டர்தான் உறுதி செய்தது.

சுமதி:
'வங்கியின் சரக்குச் சரிபார்ப்பு' என்று போடுகிறேன். முதல் பக்கத்தில் மட்டும் 'ஸ்டாக் ஆடிட்' சேர்க்கிறேன்.

இளங்கோ:
என் மறுப்பைப் பதிவு செய்க. சரிபார்ப்பு என்றால் அச்சுப்படி திருத்துவது.

முருகன்:
அம்மா, அந்தக் கஸ்டமர் கம்பிக்கு என்ன பேர் போடப் போறீங்க? எங்கிட்டயும் ரெண்டு டன் கிடக்குது.