186 கருத்துகள், 64 பேர்: ஒரு தொகுப்பு அனுபவம்

தொகுப்பாளினி

கட்டுரைக்குக் கீழே வரும் கருத்துகளைப் படித்து, அதில் என்னென்ன பார்வைகள் இருக்கின்றன என்று ஒரு பத்தி எழுதித் தருவது என் வேலைகளில் ஒன்று. அண்மையில் தொகுத்ததைச் சொல்கிறேன். இந்த வேலை செய்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் தேவையா என்று ஒரு கட்டுரை. கீழே 186 கருத்துகள். மேலோட்டமாகப் படித்தால் இரண்டு கட்சி மோதுவது போலத்தான் இருந்தது: அடியோடு நிறுத்து என்று ஒரு பக்கம், நிறுத்தினால் படிப்பே போச்சு என்று மறுபக்கம்.

நான் ஒரு அட்டவணை திறந்து ஆளுக்கு ஒரு வரி போட்டேன். ஒருவர் எத்தனை முறை எழுதினாலும் ஒரே வரிதான். பக்கத்தில் மூன்று கட்டங்கள்: நிலைப்பாடு, காரணம், "ஆனால்" என்று ஏதாவது நிபந்தனை சொல்கிறாரா என்பது.

186 கருத்துகளும் 64 பெயர்களுக்குள் அடங்கிவிட்டன. அதில் நான்கு பேர் மட்டும், பக்கத்துக்கு இரண்டு பேராக நின்று, மாறி மாறிப் பதில் போட்டே 83 கருத்துகளை நிரப்பியிருந்தார்கள். 11 பேர் நன்றி சொன்னதோடு சரி, இல்லாவிட்டால் வேறு எதையோ பேசினார்கள். மீதி 53 பேரில் நிறுத்தச் சொன்னவர்கள் 14, அப்படியே தொடரச் சொன்னவர்கள் 12. மற்ற 27 பேர் "குறையுங்கள்", "வாசிப்பு மட்டும் கொடுங்கள்" என்றவர்கள். இவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு முறை எழுதிவிட்டுப் போனவர்கள். சண்டைக்கு இழுக்க அதில் எதுவும் இல்லாததால் யாரும் பதில் போடவில்லை. கண்ணிலும் படவில்லை.

வேகவாசகன்

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? விருப்பக்குறி எதற்கு அதிகம் என்று பார்த்தால் போதும். எழுதாமல் படிக்கிறவர்களின் எண்ணமும் அதில் வந்துவிடும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

தொகுப்பாளினி

எழுதாதவர்களின் குரல் அதில் கொஞ்சம் வருகிறது என்பது உண்மைதான். ஆனால் முதலில் வந்த கருத்து மேலேயே நிற்கும், மேலே நிற்பதை அதிகம் பேர் பார்ப்பார்கள், அதனால் குறியும் அதற்கே சேரும். இங்கே முதலிடத்தில் நின்றது, கட்டுரை வெளியான சில நிமிடங்களில் ஒருவர் போட்ட ஒருவரி நகைச்சுவை. சிரித்ததற்குக் குறி போட்டார்களா, உடன்பட்டதற்கா என்று எப்படிப் பிரிப்பது? ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்த கருத்துகளை ஒப்பிடும்போது மட்டும் குறிகளைப் பார்ப்பேன்.

பழையமட்டுறுத்துநர்

பல வருடம் கருத்துப் பகுதி பார்த்தவன் என்பதால் இரண்டு விஷயம் சொல்கிறேன்.

படிக்கும் முன் வரிசையை "புதியவை" என்று மாற்றி, மடங்கிக் கிடக்கும் பதில்களை எல்லாம் திறந்துவிடுங்கள். சந்தேகமான வாக்கியம் ஒன்றை எடுத்துப் பக்கத்துக்குள் தேடுங்கள். ஒரே பத்தி மூன்று நான்கு பெயரில் ஒட்டப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, "வாசகர்களில் பெரும்பாலோர்" என்று எழுதவே கூடாது. இணையக் குழுக்களில் 90 விழுக்காட்டினர் படிப்பதோடு சரி, 9 விழுக்காட்டினர் எப்போதாவது எழுதுவார்கள், மிச்சம் 1 விழுக்காட்டினர்தான் பெரும்பகுதியை எழுதுகிறார்கள் என்று இணையதளப் பயன்பாட்டு ஆய்வாளர் யாகோப் நீல்சன் 2006-இல் எழுதினார். தோராயக் கணக்குதான், இடத்துக்கு இடம் மாறும். ஆனாலும் 53 பேரை வைத்து ஊர் முழுக்க இப்படி நினைக்கிறது என்று சொல்ல முடியாது. "கருத்து எழுதியவர்களில்" என்றே தொடங்குங்கள்.

மழைச்சாரல்

அப்போ அதிகம் எழுதுகிறவர்களைத் தூக்கிவிடுவீர்களா? நான் ஒரு விவாதத்தில் நிறைய எழுதினேன். எனக்கு அதில் உண்மையிலேயே அக்கறை இருந்தது. தொகுப்பில் என் பேச்சே இல்லை. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

தொகுப்பாளினி

தூக்குவதில்லைங்க. அந்த நான்கு பேரில் ஒருவர் ஆசிரியர். திருத்தவே நேரம் இல்லாதபோது வீட்டுப்பாடம் கொடுத்து என்ன பயன் என்று கேட்டிருந்தார். அதைவிட வலுவான வாதம் அங்கே இல்லை. அது தொகுப்பில் இருக்கிறது, ஒரு ஆளின் வாதமாக. நான் எழுதிக் கொடுத்தது இது:

"கருத்து எழுதியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வீட்டுப்பாடத்தைக் குறைக்க வேண்டும் அல்லது வாசிப்போடு நிறுத்த வேண்டும் என்றனர். கடைசியில் பெற்றோரே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது இவர்கள் அதிகம் சொன்ன காரணம். முழுமையாக நிறுத்தச் சொன்னவர்களும் தொடரச் சொன்னவர்களும் கிட்டத்தட்டச் சம அளவு. நீண்ட விவாதம் இந்த இரு தரப்பில் சிலருக்கு இடையே நடந்தது. திருத்த நேரமில்லை என்று ஓர் ஆசிரியர் சுட்டிக்காட்டினார்."

பழையமட்டுறுத்துநர்

நன்றாக இருக்கிறது. ஆனால் ஆசிரியருக்கு ஒரு வாக்கியம் கொடுத்தீர்கள். வேறு யாரும் சொல்லாததைச் சொன்ன மற்றவர்களுக்கு?

தொகுப்பாளினி

அதுதான் எனக்கும் இன்னும் பிடிபடவில்லை. காது கேளாத தன் மகளுக்கு வீட்டில் திரும்பச் செய்வதுதான் பாடத்தையே புரிய வைக்கிறது என்று ஒரு தாய் எழுதியிருந்தார். இடம் போதாமல் அதை விட்டேன். நீங்களாக இருந்தால் எதை வெட்டியிருப்பீர்கள்?

பழையமட்டுறுத்துநர்

"நீண்ட விவாதம்" என்ற வாக்கியத்தை.

வேகவாசகன்

அதை வெட்டினால், கருத்துகளைப் படித்தவர்கள் அந்தச் சண்டை எங்கே போச்சு என்று கேட்பார்களே.