எண்ணூரிலிருந்து கிளம்பிய ரயில்

கல்மண்டபத்துக்காரி

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண் அழுத்த நோயில் பார்வை போய் மூன்று வருடமாகிறது. ராயபுரத்துப் பழைய கதை என்றால் சோற்றைக்கூட மறந்துவிடுவார். அதனால் தேடிப் பிடித்துச் சேர்த்த தகவல்களை முப்பது பக்கம் தட்டச்சு செய்து, உரையை வாசித்துக்காட்டும் ஒரு செயலியில் போட்டுக் கொடுத்தேன். முதல் வரி இது:

“1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் ரயில் ஓடியது.”

செயலி வாசித்தது இப்படி: “ஆயிரம் எண்ணூறு ஐம்பது ஆறு. ல். ராயபுரத்திலிருந்து…”

அப்பா உடனே நிறுத்தச் சொன்னார். “எண்ணூருக்கு இதுல இன்னா வேலை? ரயிலு ராயபுரத்துலருந்துதானே கிளம்புச்சு?”

எனக்குச் சிரிப்பு வந்தாலும் அவருக்குக் கோபம். அடுத்த பக்கத்தில் “சென்னை-13” வந்தது. அது “சென்னை மைனஸ் பதின்மூன்று” ஆனது. பின்கோடு 600013, “ஆறு லட்சத்துப் பதின்மூன்று” ஆனது. பேசின் பிரிட்ஜை, ‘நீ பேசின்’ என்று செய்யுளில் வருமே, அந்தப் ‘பே’ போட்டு வாசித்தது. ஐம்பது வருடம் அந்தப் பாலத்தைக் கடந்தவரிடம் அப்படிச் சொன்னால் என்ன ஆகும்? செல்பேசியை எடுத்துப் போகச் சொல்லிவிட்டார். வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா? என்ன செய்தீர்கள்?

தேரடித் தெரு

எங்க அம்மாவுக்கும் இதே கஷ்டம்தான்மா. சொன்னது ஒன்று, காதில் விழுவது ஒன்று. காதுக் கருவி மாற்றிய பிறகு இப்போது பரவாயில்லை. அப்பாவை ஒருமுறை காது டாக்டரிடம் காட்டிவிடு.

கல்மண்டபத்துக்காரி

இல்லைக்கா, அப்பாவுக்குக் காது பாம்புக் காது. கருவிதான் தப்பாக வாசிக்கிறது.

வியாசை வாசகன்

இலவசக் குரல் என்றால் இப்படித்தான். காசு கட்டி, செயற்கை நுண்ணறிவில் பேசும் புதிய குரல் ஒன்றை எடுங்கள். மனிதர் பேசுவது போலவே இருக்கும், இந்தப் பிரச்சினையெல்லாம் வராது.

மணிக்கூண்டு

வாசகன் தம்பி சொல்வதில் பாதி சரி. நான் பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை ஒலியாக்கும் வேலையில் பத்து வருடமாக இருக்கிறேன். புதிய குரல்கள் இனிமையாக இருக்கின்றன, ‘பஸ்’, ‘பேங்க்’ போன்ற அன்றாடச் சொற்களைச் சரியாகச் சொல்கின்றன. பயிற்சிக்குக் கொடுத்த பதிவுகளில் அவை நிறைய வந்திருக்கும், அதனால்தான். அரிதான பெயர் வந்தால் ஊகம். அந்த ஊகத்தையும் தடுமாறாமல் இனிமையாகச் சொல்வதால் சரிபார்ப்பவருக்கே தப்பு காதில் படாது. ஒரே பெயரை இரண்டு வாக்கியங்களில் இரண்டு விதமாகச் சொல்வதும் உண்டு. பழைய இயந்திரக் குரலில் தப்பு எப்போதும் ஒரே தப்பு. ஒருமுறை கண்டுபிடித்தால் எல்லா இடத்திலும் மாற்றிவிடலாம்.

அக்கா, முதலில் தப்பு எந்தக் கட்டத்தில் நடக்கிறது என்று பாருங்கள். இலக்கத்தை அழித்துவிட்டு “ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தாறில்” என்று எழுத்தாலேயே எழுதி வாசிக்க விடுங்கள். சரியாக வாசித்தால் குரலில் குறையில்லை. இலக்கத்தைச் சொல்லாக மாற்றுகிற முன்வேலையில்தான் கோளாறு. எழுதியும் தப்பாக வாசித்தால் எழுத்தை ஒலியாக்கும் இடத்தில் கோளாறு. பேசின் பிரிட்ஜ் அந்த வகை. இரண்டுக்கும் மருந்து வேறு.

உங்கள் 1856-ல் நடந்தது இதுதான். தமிழில் எண்கள் தனியாக நிற்கும்போது ஒரு வடிவம், பின்னால் ஏதாவது ஒட்டும்போது வேறு வடிவம். ஆயிரம் ‘ஆயிரத்து’ ஆகும், எண்ணூறு ‘எண்ணூற்று’ ஆகும், ஐம்பதும் ஆறும் சேர்ந்து ‘ஐம்பத்தாறு’ ஆகும். உங்கள் செயலி ஒவ்வொன்றையும் தனி வடிவத்திலேயே எடுத்து வரிசையாக அடுக்கிவிட்டது. ‘எண்ணூற்று’ என்று சொல்லியிருந்தால் அப்பாவுக்கு ஊர் ஞாபகமே வந்திருக்காது. தனி ‘எண்ணூறு’ என்றதும், நம் ஆட்கள் ‘எண்ணூரு’ என்று சொல்லும் ஊர் காதில் விழுந்துவிட்டது. அப்புறம் அந்த ‘-ல்’. அது கடைசிச் சொல்லோடு சேர்ந்து ‘ஆறில்’ ஆக வேண்டும். இலக்கம் தனி, கோடு தனி, ‘ல்’ தனி என்று வெட்டிவிட்டதால் அநாதையாக நின்றது.

வியாசை வாசகன்

இவ்வளவுதானே, பைதான் நிரலில் பத்து வரி. நூறு ‘நூற்று’, எண்ணூறு ‘எண்ணூற்று’. ஆக ‘று’வில் முடிந்தால் ‘ற்று’ ஆக்கி, ‘-ல்’ வந்தால் ‘ற்றில்’ போட்டுவிடலாம். இன்று இரவு எழுதி அனுப்புகிறேன் அக்கா.

கல்மண்டபத்துக்காரி

தம்பி அனுப்பியதை ஓட்டினேன். “ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தாற்றில் ராயபுரத்திலிருந்து முதல் ரயில் ஓடியது.” அப்பா சொன்னது: “ரயிலு இப்ப ஆத்துல ஓடுதா?”

மணிக்கூண்டு

தண்ணீரில் ஓடும் ஆறுதான் ‘ஆற்றில்’ ஆகும். எண்ணான ஆறு ‘ஆறில்’ என்றே நிற்கும். எண்களில் நூறும் நூறில் முடிபவையும் மட்டும் ‘நூற்றில்’, ‘எண்ணூற்றில்’ என்று ஆகும். விதியை எழுத்தின் மேல் வைக்காதீர்கள் தம்பி, எண்ணின் மேல் வையுங்கள். ஒன்று முதல் பத்தொன்பது, அப்புறம் பத்துகள், நூறுகள், ஆயிரம், லட்சம் என்று சின்ன அட்டவணை போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம், தொடர் வடிவம், ‘இல்’ சேரும் வடிவம் என மூன்றையும் கையாலேயே எழுதிவிட்டால் முடிந்தது.

இன்னொன்று, எல்லா இலக்கத்தையும் ஒரே மாதிரி மாற்றக்கூடாது. ஆறு இலக்கத்தில் வரும் பின்கோடு ஒவ்வொன்றாக வாசிக்கப்பட வேண்டும். ‘6.30’ பின்னால் ‘மணி’ வந்தால் ஆறரை, ‘செ.மீ.’ வந்தால் ஆறு புள்ளி மூன்று பூஜ்யம். நம் சென்னைக் கதவு எண் இருக்கிறதே, பழையது ஒன்று, புதியது ஒன்று, நடுவில் ஒரு சாய்கோடு, அதை இயந்திரம் தேதி என்று நினைத்து மார்ச் மாதத்தை வரவழைத்த கதையெல்லாம் என்னிடம் உண்டு. பக்கத்து வார்த்தையைப் பார்க்காமல் இலக்கத்தை வாசிக்கவே முடியாது. முப்பது பக்கம்தானே, இலக்கமும் ஆங்கில எழுத்தும் வரும் வரிகளை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்து, அவற்றை மட்டும் காதால் கேளுங்கள். முழுப் புத்தகத்தையும் கேட்க ஆரம்பித்தால் பத்தாவது பக்கத்தில் காது பழகி, தப்பும் சரியாகவே கேட்கும்.

காசிமேட்டு டீச்சர்

எண்ணை விடுங்கள், எனக்குப் பெயர்தான் தலைவலி. வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு, வாசிக்கும் சொல்லை மஞ்சளில் காட்டிக்கொண்டே போகும் செயலியைப் பயன்படுத்துகிறேன். பாடத்தில் மகேஷும் நாகேஷும் வந்தார்கள். இரண்டிலும் நடுவில் இருப்பது அதே க. ஒன்றில் ‘ஹ’ போல, மற்றதில் ‘தங்கம்’ என்பதில் வரும் க போல. செயலி இரண்டையும் ‘ஹ’ ஆக்கி, ‘நாஹேஷ்’ என்றது. வகுப்பில் நிஜமாகவே ஒரு நாகேஷ் இருக்கிறான். ஒரு வாரம் அவன் நாஹேஷ்தான். சாதாரணமாகப் படிக்கிற பிள்ளை என்றால் செயலியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகும். இந்தப் பிள்ளைகள் அது சொல்வதை அப்படியே நம்புகிறார்கள்.

‘கேஸ்’ இன்னும் மோசம். அடுப்பில் இருப்பதும் கேஸ், கோர்ட்டில் இருப்பதும் கேஸ். “கேஸ் தீர்ந்துவிட்டது” என்று எழுதினால் மனிதருக்கே முன்பின் தெரிந்தால்தான் புரியும்.

மணிக்கூண்டு

டீச்சர் சொன்னதுதான் வேர். தமிழ்ச் சொல் என்றால் க, ச, ட, த, ப எங்கே எப்படி ஒலிக்கும் என்பதைப் பெரும்பாலும் இடமே சொல்லிவிடும். முதலில் வந்தாலும் இரட்டித்தாலும் வல்லோசை, மெல்லினத்துக்குப் பின் மென்மை. இயந்திரத்துக்கும் அதைத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். பாலு, கணேசன், தாஸ், பேசின் எல்லாம் வெளியிலிருந்து வந்தவை, அந்த விதிக்கு அடங்காதவை. ஜ, ஸ, ஷ, ஹ என்று கிரந்தம் கொஞ்சம் கைகொடுக்கிறது. சொல்லின் தொடக்கத்தில் வரும் மெல்லிய ப, க, த மூன்றையும் காட்ட நம் எழுத்தில் வழியே இல்லை. நாம் ஆளைத் தெரிந்து வாசிக்கிறோம், கருவிக்கு ஆளைத் தெரியாது. பெயர்ப் பட்டியல் ஒன்று தயாரித்துக் கொடுப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

வியாசை வாசகன்

அந்த அட்டவணை போட்டுவிட்டேன், ‘ஐம்பத்தாறில்’ சரியாக வருகிறது. ஆனால் பெயர்ப் பட்டியலில் மாட்டிக்கொண்டேன். ‘பில்’ என்று வரும் இடத்தில் ஆங்கில எழுத்தில் Bill என மாற்றச் சொன்னேன். ‘வகுப்பில்’ எல்லாம் ‘வகுப்Bill’ ஆகிவிட்டது. சரி, முழுச் சொல் மட்டும் என்று இரண்டு பக்கமும் சொல்லின் எல்லையைக் குறிக்கும் `\b` போட்டால், உண்மையான ‘பில்’ ஒன்றுகூட மாறவில்லை, ‘வகுப்பில்தான்’ மட்டும் மாறுகிறது! பேய் பிடித்த மாதிரி இருக்கிறது.

மணிக்கூண்டு

பேயில்லை, புள்ளி. பைதானில் சொல் தேடும் `re` தமிழ் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை. ‘பில்’ புள்ளியில் முடிகிறது, அடுத்தது இடைவெளி. இரண்டுமே எழுத்தல்ல என்பதால் அங்கே சொல்லின் எல்லை இருப்பதாக அதற்குத் தெரியவில்லை. ‘வகுப்பில்தான்’ என்பதில் புள்ளிக்கு அடுத்து த வருகிறது, அதை எல்லை என்று எடுத்துக்கொள்கிறது. `\b`யை விட்டுவிட்டு, இரு பக்கமும் தமிழ் எழுத்தோ குறியோ எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது என்று நேரடியாகச் சொல்லுங்கள்:

```
(?<![\u0B80-\u0BFF])பில்(?![\u0B80-\u0BFF])
```

‘பில்லை’, ‘பில்லுக்கு’ இதில் சிக்காது. அவற்றைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

தேரடித் தெரு

ஒன்றும் புரியவில்லை, ஆனால் என் போனில் சிலிண்டர் புக் செய்யும்போது வரும் குரலும் இப்படித்தான் உளறுகிறது. அதைச் சரிசெய்ய யாரிடம் சொல்ல வேண்டும்?

கல்மண்டபத்துக்காரி

அக்கா, அது தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

நிலவரம் இது. இலக்கங்கள் இப்போது பரவாயில்லை. 112 இடங்களைத் தனியாகக் கேட்டுத் திருத்தினேன். ‘ஐம்பத்தாறில்’ என்று அது சொன்னபோது அப்பா, “நாங்க ஐம்பத்தாறுலன்னுதான் சொல்லுவோம், சரி போ” என்று விட்டுவிட்டார்.

பேசின் பிரிட்ஜை ஆங்கில எழுத்தில் போட்டுப் பார்த்தேன். அந்த இரண்டு சொல்லுக்கு மட்டும் வேறொரு பெண் வந்து பேசிவிட்டுப் போகிறாள். செயலி ஆங்கில எழுத்தைக் கண்டதும் ஆங்கிலக் குரலுக்குக் கைமாற்றிவிடுகிறது போலிருக்கிறது. பின்னால் ஒட்டிய ‘-ல்’ மறுபடி அநாதை. “நடுவுல யாரு அந்தப் பொண்ணு?” என்று அப்பா கேட்டதும் அதையும் எடுத்துவிட்டேன்.

கடைசியில் அந்தப் பெயரை என் குரலில் பதிவு செய்து, ஒலிக்கோப்பில் அது வரும் ஒன்பது இடத்திலும் வெட்டி ஒட்டினேன். நேற்று இரவு முழுவதையும் கேட்டார். ராயபுரம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “பேசின் பிரிட்ஜ் வரும்போது மட்டும் அந்தம்மாவுக்குச் சளி பிடிச்சுக்குது” என்றார்.