புதுப்பிப்பு: படுத்ததும் கூடும் காது இரைச்சல், எது கைகொடுத்தது

என் பழைய கேள்வி: "படுத்தாலே காதில் 'ஙொய்' என்ற சத்தம் கூடுகிறது. பயத்தில் தூக்கம் போகிறது, தூங்காவிட்டால் மறுநாள் இன்னும் கூடுகிறது. இந்தச் சுழலை எங்கே வெட்டுவது?"

பதில் தந்தவர்களுக்கு நன்றி. எட்டு வாரம் ஆகிறது.

பலன் தந்தது கேட்பியல் நிபுணர் ஒருவர் இங்கே சொன்ன யோசனை: முதலில் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள், சத்தத்தோடு சண்டை பிறகு. எழும் நேரம் தினமும் காலை 6. படுக்கை 10-க்கு அல்ல, 12-க்கு. சுமார் 20 நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொக்கினால் மட்டும் திரும்புவது. தூக்கம் நிலைத்ததும் படுக்கும் நேரத்தைக் கால் மணி கால் மணியாக முன்னே நகர்த்தியாயிற்று.

எதிர்பாராதது: முதல் பத்து நாள் பகலில் தூங்கி வழிந்தது, இரைச்சலும் கூடியது. அங்கேதான் பலர் விட்டுவிடுவார்கள் போல. வண்டி ஓட்டுபவர்கள் கவனம்.

மழைச் சத்தம் வைக்கச் சொன்னவர் பாதி சரி. இரைச்சலை முழுக்க மூழ்கடித்தால் அணைத்ததும் அது பளிச்சென்று தெரிகிறது, மூளைக்கும் பழகாது. இரைச்சல் அடியில் லேசாகக் கேட்கும் அளவே போதும். காதடைப்பான் யோசனை எதிர்மாறு: அமைதியில் இரைச்சல்தான் எடுப்பாகக் கேட்கும்.

நாடித்துடிப்போடு சேர்ந்து துடிக்கும் சத்தம் என்று எழுதியவருக்கு: அது வேறு விஷயம், காது மருத்துவரைப் பாருங்கள்.

இரைச்சல் போகவில்லை, தேடிப் பார்த்தால் இருக்கிறது. தாடையை இறுக்கினால் சுருதி ஏன் மாறுகிறது என்பது இன்னும் பாக்கி.