மதிப்பீட்டு அறிக்கையை வைத்துக் கட்டுரையில் திரும்பத் திரும்ப வரும் பலவீனத்தைப் பிடித்த அனுபவம் (உயர்தர இந்து நாகரிகம், திருகோணமலை)

உவர்மலை அக்கா

என் தம்பி உயர்தரத்தில் இந்து நாகரிகம் எடுத்தவன். பாடம் நன்றாகத் தெரியும். கேட்டால் வாயால் எல்லாம் சொல்வான். ஆனால் தவணைப் பரீட்சையில் கட்டுரைப் பகுதி மட்டும் எப்போதும் பாதிப் புள்ளியில் நிற்கும். ‘இன்னும் படிக்க வேண்டும்’ என்று சொல்லிச் சொல்லி அவன் குறிப்புக் கொப்பியைப் பெருக்கிக்கொண்டே போனான். பரீட்சைத் திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிக்கையைக் கையில் எடுத்த பிறகுதான் சிக்கல் வேறு இடத்தில் இருப்பது தெரிந்தது. நாங்கள் செய்ததை இங்கே எழுதுகிறேன். வேறு பாடக்காரர்களும் தங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

அறிக்கை முழுவதையும் வாசிக்கவில்லை. கட்டுரை வினாக்களுக்குக் கீழே, மாணவர்கள் எப்படி விடையளித்தார்கள் என்று எழுதியிருக்கும் பந்திகளை மட்டும் எடுத்தோம். அடுத்தடுத்த சில வருட அறிக்கைகளிலிருந்து அந்தக் குறைகளைத் தம்பி தன் சொந்த வார்த்தையில் ஒவ்வொரு வரியாக எழுதினான். வரிகள் கூடக் கூட, பாதிக்கு மேல் ஒரே குறைதான் வேறு வேறு விதமாகச் சொல்லப்பட்டிருப்பது தெரிந்தது. கடைசியில் நான்கு மிஞ்சின: கேட்டதை விட்டுத் தெரிந்ததை எழுதுவது, ஆய்வு செய்யாமல் கதையாகச் சொல்வது, சான்று காட்டாமல் பொதுவாகப் பேசுவது, முடிவு சொல்லாமல் நிறுத்துவது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து வைத்தோம்: கே, க, சா, மு.

பிறகு அவனுடைய பழைய கட்டுரைகளை எடுத்து, சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு பந்தியின் ஓரத்திலும் பொருந்தும் எழுத்தைப் போடச் சொன்னேன். புள்ளி போடவில்லை, எழுத்து மட்டும்தான். ‘சா’ அங்கொன்று இங்கொன்றுதான். ‘க’ பக்கம் பக்கமாக வந்தது.

ஒரு கட்டுரையைச் சொன்னால் விளங்கும். வினா, ‘திருக்கோணேஸ்வரத்தின் பழமையை அறிய உதவும் சான்றுகளை மதிப்பிடுக’. எங்கள் ஊர்க் கோயில் என்பதால் தம்பி ஆசையாக எழுதியிருந்தான். இராவணன் வெட்டு, குளக்கோட்டன் திருப்பணி, ஞானசம்பந்தர் பதிகம், 1622இல் போர்த்துக்கேயர் இடித்தது, 1950இல் மண்ணுக்குள்ளிருந்து விக்கிரகங்கள் கிடைத்தது, 1963 கும்பாபிஷேகம் என்று எல்லாம் ஒழுங்காக வந்தன. தகவலில் பிழை என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் எந்தச் சான்று எதை நிறுவும், எதை நிறுவாது என்று ஒரு வரிகூட இல்லை. வினா கேட்டது அதைத்தான்.

முழுக் கட்டுரையையும் திருப்பி எழுத விடவில்லை. ‘க’ போட்ட ஒரு பந்தியை மட்டும் மாற்றச் சொன்னேன். முன்பு எழுதியது: ‘குளக்கோட்டு மன்னன் கோணேசர் கோயிலைத் திருப்பணி செய்தான். கோயிலுக்கு வயல்நிலங்களை வழங்கினான். கந்தளாய்க் குளத்தைக் கட்டினான்.’

மாற்றி எழுதியது: ‘குளக்கோட்டனின் திருப்பணியை விரிவாகக் கூறுவது கோணேசர் கல்வெட்டு. பெயர் அப்படி இருந்தாலும் அது கல்லில் பொறித்த சாசனம் அன்று. செய்யுளும் உரைநடையும் கலந்த நூல், அது சொல்லும் நிகழ்வுகளுக்கு மிகப் பிற்பட்டது. ஆகவே குளக்கோட்டனின் காலத்தை உறுதிசெய்ய அதை மட்டும் நம்ப முடியாது. ஆனால் கோயில் தொழும்புகளும் நிர்வாகமும் எவ்வாறு ஒழுங்குபடுத்தப்பட்டிருந்தன என்பதை அறிய அது பெறுமதியான சான்று.’

தகவல் ஒன்றிரண்டுதான் கூடியது. பந்தி செய்யும் வேலை முற்றாக மாறிவிட்டது. அடுத்த வாரம் வேறு அலகில், அதே ‘மதிப்பிடுக’ வரும் வினா ஒன்றை நேரம் வைத்து எழுதவிட்டு, மறுபடி ஓரத்தில் எழுத்துப் போட்டோம். ‘க’ குறைந்தது, ஆனால் போகவில்லை. முதல் இரண்டு பந்தியும் நல்லாக வரும். நேரம் நெருக்கும்போது பழைய கதை திரும்பி வந்துவிடும்.

நிலாவெளி அப்பா

தங்கச்சி, நல்ல விசயம். என் மகளும் அடுத்த வருடம் எழுதுகிறாள். அந்த அறிக்கையில் முழு விடைகளும் இருக்குமா? இருந்தால் அதைப் பாடமாக்க விடலாம் என்று பார்க்கிறேன்.

உவர்மலை அக்கா

அண்ணா, எதிர்பார்த்த விடைக் குறிப்புகளும் இருக்கும். ஆனால் அவை பெரும்பாலும் குறிப்பு வடிவில்தான். அதைப் பாடமாக்கினால் தகவல் சேரும், எழுதும் முறை மாறாது. தம்பியிடம் தகவலுக்குக் குறை இருக்கவில்லை. மகளின் பழைய கட்டுரை இரண்டு மூன்றை முதலில் எடுத்துப் பாருங்கோ.

சாம்பல்தீவு மாணவன்

நானும் அறிக்கை பார்த்துத்தான் படித்தேன். குறைகளையெல்லாம் பெரிய தாளில் எழுதி மேசைக்கு முன்னால் ஒட்டினேன். இன்னொரு வேலையும் செய்தேன். எந்த வினாவுக்கு எத்தனை வீதம் பேர் விடை எழுதினார்கள், எவ்வளவு புள்ளி எடுத்தார்கள் என்று அதில் இருக்கும்தானே. குறைந்த புள்ளி வந்த பகுதிதான் கஷ்டமான பகுதி. அதைத்தான் திரும்பக் கேட்பார்கள் என்று அதற்கே கூட நேரம் கொடுத்தேன்.

தம்பலகாமம் ரீச்சர்

தம்பி, வீதங்களைப் பார்த்தது நல்லது. ஆனால் முடிவை அவசரப்பட்டு எடுத்துவிட்டீர்கள். ஒரு வினாவுக்குச் சராசரி குறைவாக இருக்கப் பல காரணம் உண்டு. இலகுவாகத் தெரிகிறதே என்று ஆயத்தம் இல்லாத பிள்ளைகள் கூட்டமாக அதைத் தெரிவுசெய்திருக்கலாம். மறுபக்கம், மிகக் குறைவானோர் தெரிவுசெய்த வினாவுக்கு நல்ல சராசரி வந்தால், அந்த அலகை ஆழமாகப் படித்த சிலர் மட்டும் எழுதியிருப்பார்கள். தெரிவுசெய்தவர் வீதத்தையும் புள்ளியையும் கீழே உள்ள கருத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும். அடுத்து என்ன வரும் என்று அறிக்கை சொல்லாது.

சுவரில் ஒட்டியதில் பிழை இல்லை. ஆனால் அது நாட்டில் எழுதிய எல்லாருடைய குறையும் அல்லவா? அதில் உங்களுடையது எது என்று உங்கள் கட்டுரைதான் சொல்லும். அக்கா ஓரத்தில் எழுத்துப் போடவைத்தது அதனால்தான் வேலை செய்திருக்கிறது.

கோணேஸ்வரக் கட்டுரையைப் பற்றி ஒன்று. நான் திருத்தும் விடைகளில் கோணேசர் கல்வெட்டைச் சாசனச் சான்று என்று போடுவது அடிக்கடி வரும் பிழை. பிரெட்ரிக் கோட்டை வாசலில் ‘முன்னே குளக்கோட்டன்’ என்று தொடங்கும் கல் இருக்கிறதே, அதுதான் உண்மையில் கல்லில் உள்ளது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் மதிப்பீடே சரிந்துவிடும். சம்பந்தர் பதிகமும் அப்படித்தான். ஏழாம் நூற்றாண்டில் கோணமாமலை தமிழ்நாடு வரை புகழ்பெற்ற சிவத்தலம் என்பதற்கு அது வலுவான சான்று. ஆனால் அவர் இராமேஸ்வரத்தில் நின்று பாடினார் என்பது மரபு. ஆகவே அன்றைய கட்டடம் எப்படி இருந்தது என்று பதிகத்திலிருந்து எழுதப் போகக்கூடாது. இப்படி ஒவ்வொரு சான்றுக்கும் ‘இது இவ்வளவு சொல்லும், இதற்கு மேல் சொல்லாது’ என்று ஒரு வசனம் வந்தால் கதை தானாக ஒதுங்கும்.

சாம்பல்தீவு மாணவன்

அப்போ இராவணன் வெட்டை எழுதவே கூடாதா ரீச்சர்? எங்கள் சேர் கட்டாயம் போடச் சொல்கிறார்.

தம்பலகாமம் ரீச்சர்

போடலாம், ஐதீகம் என்று சொல்லிப் போடுங்கள். மக்கள் நம்பிக்கையில் இந்தத் தலம் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதற்கு அது சான்று. பழமையை நிறுவும் சான்று என்று போட்டால் நான் ஏற்கமாட்டேன். உங்கள் சேர் வேறு மாதிரி நினைக்கலாம். அவரிடம் காரணத்தைக் கேட்டுப் பாருங்கள்.

மூதூர் மாணவி

என்னுடையது இஸ்லாமிய நாகரிகம். ஆனால் இதே கதைதான். நபியவர்கள் மக்கா குறைஷியரோடு செய்த ஹுதைபிய்யா உடன்படிக்கையின் முக்கியத்துவத்தை ஆராயச் சொன்னால் நான் நிபந்தனைகளை எல்லாம் வரிசையாக எழுதி முடிப்பேன். நிபந்தனை ஒன்றும் விடுபடாது. ஆனால் 628இல் முஸ்லிம்களுக்குப் பாதகமாகத் தெரிந்த ஒப்பந்தம் எப்படி 630இல் மக்கா வெற்றிக்கு வழி திறந்தது என்று எழுதியதே இல்லை. இப்போது ஒவ்வொரு நிபந்தனைக்குப் பிறகும் ‘இதனால்’ என்று தொடங்கும் ஒரு வசனம் எழுதிப் பழகுகிறேன். பத்து வருடம் போர் இல்லை என்ற நிபந்தனை வந்தால், இதனால் தஃவா என்ற அழைப்புப் பணி செய்யவும் மன்னர்களுக்குக் கடிதம் அனுப்பவும் அவகாசம் கிடைத்தது என்று வரும்.

எனக்கு ஒரு சிக்கல். என் கட்டுரைக்கு நானே எழுத்துப் போடும்போது எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. நான் நினைத்தது தாளில் இல்லாவிட்டாலும் இருப்பதுபோல வாசித்துவிடுகிறேன்.

உவர்மலை அக்கா

தங்கச்சி, தம்பிக்கும் அதேதான். எழுதியவுடன் பார்க்காமல் சில நாள் விட்டுப் பார்த்தபோது கொஞ்சம் தெளிவாகத் தெரிந்தது. இன்னொரு வழி, ஒவ்வொரு பந்தியின் கடைசி வசனத்தை மட்டும் வாசித்தோம். அதில் வினாவின் சொல்லுக்குப் பதில் இல்லாவிட்டால் பந்தி பெரும்பாலும் ‘க’ அல்லது ‘கே’.

தம்பலகாமம் ரீச்சர்

கூட்டாளியுடன் கொப்பியை மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது என்று எனக்குப் படுகிறது. பாடம் வேறாக இருந்தாலும் பரவாயில்லை. இந்து நாகரிகம் படிக்கும் பிள்ளைக்கு ஹுதைபிய்யா தெரியாதுதான், ஆனால் ‘முக்கியத்துவம் எங்கே?’ என்று கேட்கத் தெரியும்.

சாம்பல்தீவு மாணவன்

அதில் எனக்கு உடன்பாடு இல்லை ரீச்சர். பாடம் தெரியாதவர் பார்த்தால், கோணேசர் கல்வெட்டைக் கல்வெட்டு என்று எழுதியதை எப்படிப் பிடிப்பார்?

தம்பலகாமம் ரீச்சர்

பிடிக்கமாட்டார். அந்த மாதிரிப் பிழைக்கு ஆசிரியர்தான் வேண்டும்.

பாலையூற்று அம்மா

நான் கிறிஸ்தவ சமயத்தைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதப் போகிறேன். எனக்குக் கிடைத்தது 2019க்கு முந்திய ஓர் அறிக்கை மட்டும். பாடத்திட்டம் அதற்குப் பிறகு மாறிவிட்டதே, அதை வைத்து ஏதும் செய்யலாமா?

உவர்மலை அக்கா

செய்யலாம் அம்மா. அந்த அறிக்கையில் அலகுகளையும் வினா வடிவத்தையும் பற்றிச் சொல்வதை விட்டுவிடுங்கோ. அவற்றைப் புதிய பாடத்திட்டத்தோடு ஒப்பிடாமல் நம்ப முடியாது. மாணவர்கள் எழுதிய விதத்தைப் பற்றிய குறைகளை மட்டும் எடுங்கோ. புதிய கடந்தகால வினாத்தாளையும் அதன் புள்ளி வழங்கும் திட்டத்தையும் பக்கத்தில் வைத்து, பத்துப் புள்ளிக்கான ஒரு பகுதியை முதலில் எழுதிப் பாருங்கோ. எழுதினதும் இங்கே போட்டால், ஓரத்தில் எழுத்துப் போட்டுத் தருகிறேன்.